பதினைந்து யூரோ இருபது சென்ட்: கணக்கு பொருந்துகிறதா?

ஸ்டுட்கார்ட்டில் படிக்கும் பெண் சென்னைக் கடை ஒன்றின் இணையதளத்தில் புடவை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புடவை 60 யூரோ, அனுப்பும் செலவு 20 யூரோ. பார்சல் ஜெர்மனிக்குள் வந்ததும், வரி பாக்கி என்று ஒரு பக்கம் திரையில் திறக்கிறது. முழுக்க ஜெர்மன். அவளுக்கோ அந்த மொழியில் வணக்கம், நன்றிக்கு மேல் தெரியாது. கீழே பணம் கட்டும் பொத்தான் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

இங்கே மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கணக்கைப் பார்த்தால் போதும். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், வெளியிலிருந்து வாங்கும் பொருளுக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மதிப்புக்கூட்டு வரி உண்டு. ஜெர்மனியில் அது 19 சதவீதம். புத்தகத்துக்கும் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கும் 7. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். 60-க்கு 11.40 என்று கணக்குப் போட்டுவிட்டு, திரையில் கூடுதலாகத் தெரிந்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று பயந்துவிடுகிறார்கள். 80-க்கு 19 சதவீதம், அதாவது 15.20 யூரோ என்பதே சரி.

திரையில் அது Einfuhrumsatzsteuer என்ற வரிக்கு எதிரே 15,20 என்று இருக்கும். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் ஜெர்மானியர் காற்புள்ளி வைப்பார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. 1.250,00 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. Zoll என்று தனி வரி இருந்தால் அதுதான் சுங்கத் தீர்வை. 2026 ஜூன் வரையிலான விதிப்படி, பொருளின் விலை 150 யூரோவைத் தாண்டாத இதுபோன்ற புடவைக்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது. அந்த 150-ஐப் பார்க்கும்போது மட்டும் அனுப்பும் செலவைச் சேர்க்கவில்லை. மூன்றாவதாக, Auslagenpauschale என்பது போன்ற பெயரில் சில யூரோ இருக்கலாம். அது அரசுக்குப் போவதல்ல; நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டிய அஞ்சல் நிறுவனத்தின் கூலி. பில் ரூபாயில் இருந்தால், சுங்கத்துறை வைத்திருக்கும் மாற்று விகிதத்தால் தொகை சற்று முன்பின் ஆகும். அதற்குப் பதற வேண்டாம்.

மோசடிக் குறுஞ்செய்திகளும் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் இரண்டு, மூன்று யூரோதான் கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பணமல்ல, கார்டு எண். எந்தப் பொருளுக்கு, எத்தனை சதவீதம் என்ற விவரமே இருக்காது. புடவைக்கு 1,99 கேட்டால் அது எந்த விதிக்கும் பொருந்தாது. வந்த இணைப்பைத் தொடாமல், பார்சல் எண்ணை அஞ்சல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நாமே தட்டிப் பார்ப்பது நல்லது. வரி நிஜமானால் அங்கேயும் தெரியும்.

தொகை சரி, ஆனால் கடைக்காரர் ஆர்டரிலேயே ஐரோப்பிய வரியை வாங்கிவிட்டார் என்றால்? அந்தத் தகவல் பார்சலோடு சரியாகப் போய்ச் சேராதபோது, இன்னொரு முறை வரி கேட்பார்கள். கட்டுவதற்கு முன் ஆர்டர் பில்லை எடுத்துப் பாருங்கள். கட்டிவிட்டால், முதலில் வாங்கிய வரியைப் பொதுவாகக் கடைக்காரரிடம்தான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதி பக்கத்தைப் புரியவைக்கும். ஆனால் கார்டு விவரம் கேட்கும் பெட்டி பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துடையது என்பதால் ஜெர்மனிலேயே நின்றுவிடலாம். சில நேரம் மொழிபெயர்ப்பால் பொத்தானே வேலை செய்யாமல் போகும். படித்து முடித்ததும் மூலப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டுக் கட்டுவது உத்தமம். Weiter என்றால் அடுத்தது, Abbrechen என்றால் ரத்து. கடைசியில் உங்கள் வங்கி ஒப்புதல் கேட்டு அனுப்பும் செய்தியில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். இந்திய வங்கி என்றால் அது ஆங்கிலத்தில் வரும். மொத்தச் சங்கிலியில் முழுதாகப் படிக்க முடிவது அது ஒன்றுதான், ஆனால் ஓ.டி.பி. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

அம்மா அனுப்பும் பார்சலுக்கு விதி வேறு. தனிநபர் தனிநபருக்கு இலவசமாக அனுப்பும் பரிசு 45 யூரோ வரை இருந்தால் வரி இல்லை. கடை அனுப்பியதில் பரிசு என்று எழுதியிருந்தாலும் செல்லாது. ‘தொலைந்துபோனால் நஷ்டஈடு கிடைக்கட்டும்’ என்று அம்மா சுங்கப் படிவத்தில் மதிப்பைக் கூட்டி எழுதினால், மகள் அங்கே வரி கட்ட நேரலாம்.

இணையத்தில் கட்டப் பிடிக்கவில்லையா, அதற்கும் வழியுண்டு. சாதாரண அஞ்சல் பார்சல் என்றால், வீட்டு வாசலில் கொண்டுவருபவரிடமோ அஞ்சல் கிளையிலோ தொகையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். விலைச் சீட்டு பார்சலில் இல்லாவிட்டால், பார்சல் சுங்க அலுவலகத்தில் இருப்பதாகக் கடிதம் வரலாம். அப்போது பில்லையும் பணம் கட்டியதற்கான சான்றையும் அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு, கடிதத்தில் குறித்த தேதிக்குள் நேரில் போய்ப் பெற்றுக்கொள்ளலாம்.