பிடிஎஃப் கோப்புக்குத் தலைப்பு எதுவென்று தெரியாது

ஒரு கல்லூரி தன் விடுதிச் சேர்க்கை அறிவிப்பை மூன்று பக்கப் பிடிஎஃப் கோப்பாக வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. அதன் கீழ் இணைக்க வேண்டிய சான்றுகள் ஆறு, எண் போட்டு. கடைசியில் கட்டண அட்டவணை. கண்ணால் பார்ப்பவருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. பார்வையற்ற மாணவி ஒருத்தி அதே கோப்பைத் திரைவாசிப்பானில், அதாவது திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளில் திறந்தால், தலைப்பும் சான்றும் கட்டணமும் ஒரே நீண்ட வாக்கியமாக ஓடக்கூடும். அதற்குக் காரணம் கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது.

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டபோது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அதனால் அந்தக் கோப்பு, இந்த எழுத்தை இந்த இடத்தில் இந்த அளவில் வரை என்ற கட்டளைகளாகவே பக்கத்தைச் சேமிக்கிறது. ‘இது தலைப்பு’, ‘இது அட்டவணையின் மூன்றாம் கட்டம்’ என்ற செய்தி அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படிக் குறித்து வைக்கும் வசதி பின்னால் வந்தது. ஆனால் கோப்பை உருவாக்குபவர் அதைப் பயன்படுத்தியிருந்தால்தான் பலன். அந்தக் குறிப்பு உள்ளே இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு.

```
pdfinfo arivippu.pdf
```

வரும் விடையில் `Tagged: no` என்றிருந்தால் குறிப்பு இல்லை. அப்போது எந்த மாற்றி மென்பொருளும் எழுத்தின் பருமனையும் இடைவெளியையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். `yes` என்று வந்தாலும் அந்தக் குறிப்புகள் சரியானவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தமிழ்க் கோப்பாக இருந்தால் அமைப்புக்கு முன்னால் எழுத்தைச் சோதிக்க வேண்டும். கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது வருடிய படம். ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று விழுந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், மேலே போர்த்திய எழுத்துரு மட்டும்தான் தமிழ். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே வாசிக்கும். இதை ஒருங்குறி மாற்றிகள் சரிசெய்துவிடும். ‘பெயர்’ என்பது `ெபயர்` என்று கொம்பு முன்னால் வந்து விழுந்தால், எழுத்துகள் உச்சரிப்பு வரிசையில் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன.

கொம்பு இடம் மாறிய கோப்புக்கும் வருடிய படத்துக்கும் பல நேரம் எளிய வழி, பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரியில் கொடுப்பது. இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் தமிழை அறியும்.

```
tesseract pakkam1.png pakkam1 -l tam
```

எழுத்துணரி தரும் உரையை அப்படியே நம்பக்கூடாது. எ–ஏ, ஒ–ஓ போல ஒரு கோட்டிலோ சுழியிலோ வேறுபடும் எழுத்துகளையும், எல்லா எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டணத்தில் ஒரு சுழியம் குறைந்தால் சொல்லில் வரும் பிழையைப் போல அது கண்ணில் படாது.

உரை கைக்கு வந்தபின் முதலில் களைய வேண்டியவை, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் திரும்பத் திரும்ப வரும் கல்லூரிப் பெயரும் பக்க எண்ணும். இவை வாக்கியத்தின் நடுவே வந்து விழுந்திருக்கும். வரி முடிவில் உடைந்த பத்திகளையும் சேர்த்துவிட வேண்டும். பிறகுதான் தலைப்புகள். அறிவிப்பின் பெயருக்கு `h1`, ‘சான்றுகள்’, ‘கட்டணம்’ போன்ற பகுதிகளுக்கு `h2`, அவற்றின் உட்பகுதிகளுக்கு `h3`. மாற்றி மென்பொருள் பருமனை மட்டும் பார்ப்பதால், தடித்த எழுத்தில் அச்சான ‘கடைசித் தேதி ஜூன் 30’ என்ற வரியையும் தலைப்பாக்கிவிடும். அடுத்த பகுதிக்குப் பெயராக நிற்கும் வரி மட்டுமே தலைப்பு. அழுத்திச் சொல்வதற்காகத் தடித்த வரி, `strong` குறியோடு பத்திக்குள் இருக்கட்டும்.

பட்டியலில் வரும் பிழை சூட்சுமமானது. நம் அறிவிப்பில் நான்காம் சான்றோடு முதல் பக்கம் முடிகிறது. மாற்றி அதை இரண்டு பட்டியலாக்கிவிட, ஐந்தாம் சான்று அடுத்த பக்கத்தில் மறுபடி 1 ஆகிவிடுகிறது. கீழே ‘வரிசை எண் 5இல் உள்ள சான்று கட்டாயம்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் எங்கே தேடுவார்? ஆறையும் ஒரே `ol` பட்டியலுக்குள் `li` குறிகளாகக் கொண்டுவர வேண்டும். கையால் தட்டிய எண்களையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் ‘1. 1.’ என்று இரட்டித்து வரும். அப்போதுதான் திரைவாசிப்பான் ‘ஆறு உருப்படிகள் உள்ள பட்டியல்’ என்று முன்கூட்டியே சொல்லும்.

அதிக நேரம் பிடிப்பது அட்டவணைதான். பிடிஎஃபில் இருப்பவை கோடுகளும் அவற்றின் நடுவே நிற்கும் எண்களும் மட்டுமே. ‘நால்வர் அறை, குளியலறையுடன்’ என்ற வகை குறுகிய கட்டத்தில் இரண்டு வரியாக மடிந்திருந்தால், மாற்றி அதை இரண்டு வரிசைகளாக எண்ணிவிடும். கட்டணம் முதல் வரிசையில் நிற்க, ‘குளியலறையுடன்’ என்பதற்கு எதிரே எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும். காரணமில்லாத காலிக் கட்டங்களைக் கண்டால் உடனே மூலத்தைப் பாருங்கள். அட்டவணை பக்கம் தாண்டிப் போயிருந்தால் தலைவரிசை நடுவில் மீண்டும் வந்திருக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும். சரியான வடிவம் இப்படி இருக்கும்.

```html
<table>
 <caption>விடுதிக் கட்டணம், ரூபாயில்</caption>
 <tr>
  <th scope="col">அறை வகை</th>
  <th scope="col">முன்பணம்</th>
  <th scope="col">மாத வாடகை</th>
 </tr>
 <tr>
  <th scope="row">இருவர் அறை</th>
  <td>5,000</td>
  <td>2,400</td>
 </tr>
</table>
```

இதில் `th` என்பது தலைக்கட்டம். அது எந்தத் திசைக்குத் தலை என்பதை `scope` சொல்கிறது. இது இருந்தால், கட்டம் கட்டமாக நகரும்போது ‘மாத வாடகை, 2,400’ என்று குரல் வரும். இல்லையென்றால் வெறும் ‘2,400’ தான், அது முன்பணமா வாடகையா என்று கேட்பவர் நெடுவரிசையை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தலைப்பின் கீழ் பல உட்தலைப்புகள் வரும்படி கட்டங்களை இணைத்திருந்தால், அதை அப்படியே காப்பாற்றப் போராடுவதைவிட இரண்டு சிறிய அட்டவணைகளாகப் பிரிப்பது கேட்பவருக்கு எளிது.

பக்கத்தின் முதல் குறியில் `<html lang="ta">` என்று எழுதுவதை மறக்கக்கூடாது. தமிழ்க் குரலுக்கு மாறத் திரைவாசிப்பானுக்கு அதுவே அடையாளம்.

முடித்த பக்கத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வெளியிட வேண்டாம். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவி, `H` விசையை மட்டும் தட்டித் தட்டித் தலைப்புகளைக் கேளுங்கள். அவை மட்டுமே அறிவிப்பின் சுருக்கமாக ஒலிக்க வேண்டும். `L` பட்டியலுக்கும் `T` அட்டவணைக்கும் கொண்டுபோகும். அட்டவணைக்குள் `Ctrl+Alt` விசைகளோடு அம்புக்குறிகளை அழுத்தி நகர்ந்தால், ஒவ்வொரு எண்ணோடும் அதன் பெயர் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு வேலையும் ஒரு வேர்ட் கோப்பை பிடிஎஃப் ஆக்கியபோது தொலைந்ததை மீட்பதற்கு. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணுத் தகவல்கள் அவர்களும் பயன்படுத்தும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பு வெளியிடுபவர்களிடம் கேட்பது இதுதான்: ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள், தலைப்பையும் பட்டியலையும் வேர்டின் பாணி வசதியால் குறியுங்கள், அந்த மூலத்திலிருந்து வலைப்பக்கத்தை முதலில் உருவாக்குங்கள். அச்செடுக்க விரும்புவோருக்குப் பிடிஎஃப் பக்கத்தில் இருக்கட்டும்.