தொண்டைப் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது வாய், விழுங்குதல், தோல் பராமரிப்பு

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரம் 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரங்களுக்கு அளிக்கப்படுகிறது. பக்கவிளைவுகள் முதல் நாளே தோன்றுவதில்லை. பெரும்பாலும் 2ஆம், 3ஆம் வாரங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகின்றன. சிகிச்சை முடிந்தபின் ஓரிரு வாரங்கள் வரை அவை கடுமையாகவே இருக்கலாம். இதை முன்பே அறிந்தால், கடைசி நாளுக்குப் பிறகு வலி கூடும்போது நோய் திரும்பிவிட்டதோ என்று வீட்டார் அஞ்ச வேண்டியிராது.

வாய் வறட்சி

உமிழ்நீர்ச் சுரப்பிகள் மீதும் கதிர் படுவதால் உமிழ்நீர் குறைந்து, பிசினைப்போல் கெட்டியாகிறது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 1 தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி ஆப்பசோடாவும் கரைத்து, விழித்திருக்கும்போது 2 மணி நேரத்திற்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இக்கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவி புண்ணை எரிக்கும். நாக்கில் வெள்ளைப் படலம் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. உமிழ்நீர் குறைந்தால் பல் எளிதில் சொத்தையாகும். சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்தும்கூட, பல் பிடுங்குமுன் கதிர்வீச்சுப் பெற்றதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாடை எலும்பின் புண் ஆறாமல் போகலாம் என்பதே காரணம்.

விழுங்குதல்

வலிக்கு அஞ்சி விழுங்குவதையே நிறுத்தினால் தொண்டைத் தசைகள் பலமிழந்து இறுகும். குழாய்வழி உணவு பெறுபவரும், சிகிச்சைக் குழு அனுமதித்தால், சில மிடறு நீரையாவது விழுங்கிப் பழக வேண்டும். மருத்துவர் தந்த வலி மருந்தை உணவுக்கு அரைமணி முன் எடுத்தால் உண்பது எளிதாகும். மிளகாய், புளி, முறுக்கு போன்றவற்றைத் தவிர்த்து, ஆறிய கேழ்வரகுக் கூழ், குழைத்த தயிர்சாதம், அரைவேக்காடாக இல்லாமல் நன்கு வெந்து மசித்த முட்டை ஆகியவற்றைச் சிறிதுசிறிதாகப் பலமுறை தரலாம்.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3ஆம் வாரத்தில் "கஞ்சி குடிக்கிறேன்" என்கிறார். எடையோ 58 கிலோ. வெறும் கஞ்சித் தண்ணீரில் சத்து போதவில்லை என்பதை எடையே காட்டுகிறது. வாரந்தோறும் எடை பார்த்து, இத்தகைய குறைவை உடனே உணவியல் வல்லுநரிடம் சொல்ல வேண்டும். உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் கரகரத்து ஈரமாக ஒலித்தல் ஆகியவை உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கான அறிகுறிகள்.

கழுத்துத் தோல்

தோல் முதலில் சிவந்து அல்லது கறுத்து, பின் உரியலாம். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். மஞ்சள், திருநீறு, பவுடர், வாசனைத் தைலம், பனிக்கட்டி ஆகியவை வேண்டாம். பிளேடால் சவரம் செய்யாமல், கழுத்துப்பட்டையில்லாத பருத்தி உடை அணிவது நல்லது. களிம்பு எதுவானாலும் மருத்துவமனையில் கேட்டே பூச வேண்டும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

மூச்சுத்திணறல், வாயில் இரத்தக்கசிவு, நீர்கூட விழுங்க இயலாமை, 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், தோலில் சீழ்.