மஞ்சளை இருப்பு வைக்கலாமா? பருவக் குறியீட்டெண் கணக்கு

சேலம், நாமக்கல் மாவட்ட விவசாயிகள் வைகாசி, ஆனியில் நடும் மஞ்சள் தை முதல் பங்குனி வரை அறுவடையாகிறது. வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சள் ஒரே சமயத்தில் ஏலத்துக்கு வருவதால் அப்போது விலை தணிந்திருப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை வரை வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்று பலர் இருப்பு வைக்கிறார்கள். அந்தக் கூடுதல் எவ்வளவு, அது வட்டிக்குக் கட்டுமா என்பதைப் பழைய விலைகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எந்த விலையிலும் மூன்று பகுதிகள் கலந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறுவதோ இறங்குவதோ போக்கு. ஆண்டுதோறும் அதே மாதங்களில் திரும்ப வருவது பருவ மாற்றம். மழை, ஏற்றுமதி, வதந்தி போன்றவற்றால் எதிர்பாராமல் வருவது தற்செயல் மாற்றம். இருப்பு வைப்பவர் நம்பியிருப்பது இரண்டாவதை மட்டுமே. ஆகவே அதைத் தனியே பிரிக்க வேண்டும்.

ஆண்டை நான்கு மாதங்கள் கொண்ட மூன்று பருவங்களாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட சராசரி விலைகள் (குவிண்டாலுக்கு, ரூபாயில்).

தை–சித்திரை: 5,700, 6,300, 6,600
வைகாசி–ஆவணி: 6,300; 6,600; 7,500
புரட்டாசி–மார்கழி: 6,600, 7,500, 7,200

ஒவ்வொரு வரியிலும் முதல், இரண்டாம், மூன்றாம் ஆண்டு விலைகள் வரிசையாக உள்ளன.

முதலில் போக்கைக் காண வேண்டும். ஒரு பருவத்தின் விலையோடு அதற்கு முந்தைய, பிந்தைய பருவங்களின் விலைகளைக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். இதற்கு நகரும் சராசரி என்று பெயர். மூன்று பருவமும் ஒவ்வொரு முறை சேர்வதால் பருவத்தின் ஏற்ற இறக்கம் இதில் அடங்கிவிடும். இரண்டாம் ஆண்டு தைப் பருவத்துக்கு 6,600, 6,300, 6,600 ஆகியவற்றின் சராசரி 6,500.

அடுத்து, உண்மை விலையை இந்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 6,300ஐ 6,500ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 96.9 வருகிறது. அதாவது அந்தப் பருவத்தில் விலை போக்கைவிட நூற்றுக்கு மூன்று ரூபாய் குறைவு. இவ்வாறே எல்லாவற்றுக்கும் கணக்கிட்டால்,

தை–சித்திரை: 96.9; 91.7
வைகாசி–ஆவணி: 101.6, 97.1, 105.6
புரட்டாசி–மார்கழி: 103.1, 108.7

முதல் பருவத்துக்கு முன்னும் கடைசிப் பருவத்துக்குப் பின்னும் விலை இல்லாததால் அவ்விரண்டுக்கும் விகிதம் கிடைக்காது.

ஒவ்வொரு பருவத்துக்கும் சராசரி எடுத்தால் தற்செயல் மாற்றம் பெரும்பாலும் கழிந்து 94.3, 101.4, 105.9 என நிற்கும். இவற்றின் கூடுதல் 301.6. மூன்று பருவத்துக்கு 300 இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொன்றையும் 300ஆல் பெருக்கி 301.6ஆல் வகுத்தால் 93.8, 100.9, 105.3 கிடைக்கும். இவையே பருவக் குறியீட்டெண்கள்.

93.8 என்பது 105.3 ஆவதென்றால், தைப் பருவத்தில் 100 ரூபாய்க்கு விற்றது புரட்டாசிப் பருவத்தில் சுமார் 112 ரூபாய்க்கு விற்கும். எட்டு மாதத்துக்கு ஆண்டு வட்டி 9 சதம் என்றால் 6 ரூபாய் போகும். எடை வற்றல், பூச்சி, கிட்டங்கி வாடகை கழித்தால் மிஞ்சுவது சொற்பம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு வட்டியே 16 ரூபாய். அவர் அறுவடையிலேயே விற்றுக் கடனை அடைப்பது நல்லது.

குறியீட்டெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை விகிதங்களே காட்டும். தைப் பருவத்தில் இரண்டும் நூறுக்குக் கீழே, புரட்டாசியில் இரண்டும் மேலே. வைகாசியிலோ ஓராண்டு கீழே, மற்ற ஆண்டுகள் மேலே. ஆகவே அந்தப் பருவத்தின் சராசரியை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. மூன்றாண்டு விலை கணக்கைப் பழகத்தான் போதும். முடிவெடுக்கப் பத்தாண்டு விலையாவது வேண்டும்.

போக்கு கவிழ்ந்தால் பருவக் குறியீட்டெண் காப்பாற்றாது. 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் விற்ற ஈரோட்டுச் சந்தை மஞ்சள், 2012ஆம் ஆண்டின் முற்பகுதியில் 5,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலையைக் கண்டு பரப்பு பெருகி, வரத்து கூடியதே காரணம். அவ்வேளையில் நூற்றுக்குப் பன்னிரண்டு கூடும் என்று காத்திருந்தவர் மூலதனத்தையே இழந்திருப்பார். எனவே நகரும் சராசரி இறங்கத் தொடங்கியிருந்தாலோ, சுற்று வட்டாரத்தில் மஞ்சள் நடவு வழக்கத்தைவிட மிகுந்திருந்தாலோ, இருப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விலை குறிக்கும்போது நாமகிரிப்பேட்டை ஏலம் போன்ற ஒரே சந்தையின் விலையை, விரலி என்றால் விரலி மட்டுமே, உருண்டை என்றால் உருண்டை மட்டுமே எனக் குறித்து வர வேண்டும். ரகங்கள் கலந்தால், ரக வேறுபாடே பருவ மாற்றம் போலத் தோன்றி ஏமாற்றிவிடும்.