குருணையும் அடிமண்டியும்: மேமோகிராம் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘சி’ என்ற எழுத்து இரண்டு இடங்களில் வரக்கூடும். மேலே ‘மார்பக அடர்த்தி: சி’ என்று இருக்கும். கீழே முடிவு எழுதும் இடத்தில் ஒருவருக்கு ‘பைராட்ஸ் 2’ என்றும், இன்னொருவருக்கு ‘பைராட்ஸ் 4சி’ என்றும் இருக்கும். முதல் சி-யைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. இரண்டாவது சி-யை அடர்த்தி என்று எண்ணி ஆறு மாதம் பேசாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. இந்த இரண்டில் பின்னது ஆபத்தானது. அடர்த்தி என்பது படத்தின் பின்னணி எவ்வளவு வெள்ளை என்பதைச் சொல்லும் எழுத்து. 4சி என்பது புற்றுநோய்க்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்று சொல்லும் தீர்ப்பு. இரண்டையும் வகுத்துத் தந்தது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் பைராட்ஸ் கையேடுதான் என்பதால் இந்தக் குழப்பத்துக்கு அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அடர்த்தியிலிருந்து தொடங்குவோம். மார்பகத்தில் கொழுப்பு இருக்கிறது. பால் சுரப்பிகளும் நாளங்களும் நார்த்திசுவும் இருக்கின்றன. கொழுப்பு எக்ஸ்ரே கதிரை எளிதாக வழிவிட்டு அனுப்பிவிடும். படத்தில் அது கருஞ்சாம்பல். சுரப்பியும் நாரும் கதிரைத் தடுப்பதால் வெள்ளையாக விழும். சிக்கல் என்னவென்றால், புற்றுக் கட்டியும் ஏறத்தாழ அதே வெள்ளைதான். கரும்பலகையில் சாக்பீஸ் புள்ளி தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவரில் தெரியுமா?

இந்தப் பின்னணியைத்தான் நான்காகப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு என்றால் ஏ. அங்கங்கே சுரப்பித் திசு சிதறியிருந்தால் பி. திட்டுத் திட்டாக அடர்ந்து, சிறு கட்டியை மறைக்கும் அளவுக்கு இருந்தால் சி. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் டி. அமெரிக்கப் பெண்களில் பத்துக்கு ஒருவர் ஏ, ஒருவர் டி, மீதி எட்டுப் பேரும் பி, சி இரண்டிலும் சரிபாதி என்பது தோராயமான கணக்கு. அதாவது சி என்பது நோய் அல்ல, பரவலான இயல்பு. இளவயதில் அடர்த்தி அதிகம். மாதவிடாய் நின்றபின் சுரப்பி சுருங்கிக் கொழுப்பு இடம்பிடிக்கும். கையால் தொட்டுப் பார்த்து ‘கெட்டியாக இருக்கிறது’ என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடர்த்தி படத்தில் மட்டுமே தெரியும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் உண்டு. பழைய பதிப்பில் இந்த நான்கும் சதவீதக் கணக்கு: வெள்ளைப் பகுதி 25-க்குக் கீழ், 50 வரை, 75 வரை, அதற்கு மேல். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு சதவீதத்தைத் தூக்கி எறிந்தது. காரணம் நியாயமானது. மொத்த வெள்ளை குறைவாக இருந்தாலும் அது ஒரே மூலையில் குவிந்திருந்தால் அந்த மூலையில் கட்டி ஒளிந்துகொள்ளும். ஆகவே இப்போது கேள்வி ‘எவ்வளவு?’ என்பதல்ல, ‘எங்காவது மறைக்குமா?’ என்பது. கண்ணால் போடும் மதிப்பு என்பதால் ஒரே பெண்ணுக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட் பி போடுவார், இன்னொருவர் சி போடுவார். அதை வைத்து உடம்பு மாறிவிட்டதென்று நினைக்க வேண்டாம். மறைப்பதோடு, அடர்த்தி நோய்க்கான வாய்ப்பையும் ஓரளவு கூட்டுகிறது: டி வகையினருக்கு அது சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய அடர்த்தி நிலையைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

அடர்த்தி மறைத்துவிடும் என்றால் சி, டி பெண்களுக்கு மேமோகிராம் எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். பதில்: கால்சியம். மார்பகத் திசு பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜனால் ஆனது. அதன் சராசரி அணு எண்ணைச் சுமார் 7 என்று வைத்துக்கொள்ளலாம். கால்சியத்தின் அணு எண் 20. மேமோகிராமில் பயன்படும் குறைந்த ஆற்றல் கதிரை ஒரு பொருள் விழுங்கும் அளவு, அணு எண்ணின் மும்மடிக்கு நெருக்கமாக ஏறும். 20-ஐ 7-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் இருபதுக்கு மேல் வருகிறது. அதனால்தான் 0.2 மில்லிமீட்டர் துகள்கூட வெள்ளைப் பின்னணியிலும் அதைவிட வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டியை மறைக்கும் திரைக்குக் கால்சியத்தை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது. இந்தத் துகள்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எக்ஸ்ரேயில் விரிவாக எழுதியவர் உருகுவே நாட்டு மருத்துவர் ராவுல் லெபோர்ன்யே, 1951-இல்.

ஆனால் கால்சியம் தெரிவது பெரிய விஷயமல்ல. அது நடுத்தர வயதைக் கடந்த பலருக்கும் தெரியும், பெரும்பாலும் தீங்கற்றது. கால்சியம் மாத்திரை சாப்பிட்டதால் வந்ததல்ல, பால் குடிப்பதை நிறுத்தினால் போவதுமல்ல. பார்க்க வேண்டியவை இரண்டு: துகளின் வடிவம், துகள்கள் நிற்கும் ஒழுங்கு.

சில வடிவங்களைப் பார்த்தவுடன் விட்டுவிடலாம். சோளப்பொரி போல் பருத்திருந்தால் அது பழைய நார்க்கட்டி. தண்டவாளம் போல இரு இணைகோடுகள் என்றால் ரத்தக்குழாயின் சுவரில் படிந்தது. மார்பகத்துக்குக் கெடுதல் இல்லை, இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். நடுவில் துளை விட்ட பொட்டு போல் இருந்தால் தோலில் உள்ளது. அக்குளருகே தூவினாற்போல் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘அம்மா, பவுடர் போட்டுக்கொண்டு வந்தீர்களா?’ என்பதுதான். டால்கம் பவுடரும் டியோடரன்டும் படத்தில் கால்சியத்தைப் போலவே நடிக்கும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தால் மாயமாகிவிடும்.

சந்தேக வடிவங்களில் எளியது கோலமாவு: உருவமே பிடிபடாத மங்கல் தூள். இதில் ஐந்தில் ஒன்றுதான் புற்றாக முடியும். அடுத்தது குருணை. உடைந்த அரிசியை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று போல் ஒன்று இருக்காது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய இந்தக் குருணை, மாவைவிட மோசம். எல்லாவற்றிலும் மோசமானது மெல்லிய கோடாக நீண்டு கிளை பிரிவது. பத்தில் ஏழு புற்றுநோய். ஏன் கோடு? போர் தண்ணீர் ஓடிய பழைய குழாயை உடைத்தால் உள்ளே உப்பு அதே குழாயின் வடிவத்தில் படிந்திருக்கும். பால் நாளத்துக்குள் புற்றுச் செல்கள் நெருக்கியடித்து வளரும்போது நடுவில் உள்ளவற்றுக்கு ரத்தம் எட்டாது. அவை செத்து, அந்தக் குப்பையில் கால்சியம் படிகிறது. நாளம் நீண்டால் அது நீளும், நாளம் கிளைத்தால் கிளைக்கும். நாளங்கள் யாவும் மார்க்காம்பை நோக்கிக் கூடுவதால், துகள்கள் காம்பை நோக்கி வரிசை கட்டினாலோ ஆப்பு வடிவில் குவிந்தாலோ சந்தேகம் கூடும். மார்பகம் முழுக்க இரு பக்கமும் ஒரே சீராகச் சிதறியிருந்தால் குறையும்.

இனி ஒரு உதாரணம். வகுப்புக்காக உருவாக்கியது, ஆனால் இதன் ஒவ்வொரு படியும் நடைமுறையில் நடப்பதே. வயது 51. தொந்தரவு எதுவும் இல்லை, பரிசோதனைக்காக வந்தவர். அடர்த்தி சி. வலது மார்பகத்தின் மேல் வெளிப்புறத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் இடத்தில் பதினான்கு துகள்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் கரைந்த மங்கல் பொட்டுகள். முடிவு: பைராட்ஸ் 0. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. இன்னும் படம் வேண்டும், தீர்ப்பு பிறகு என்று பொருள்.

அழைத்து, உருப்பெருக்கிய படம் இரண்டு எடுக்கிறார்கள்: ஒன்று மேலிருந்து, மற்றது சரியான பக்கவாட்டில், 90 பாகையில். அந்தப் பக்கவாட்டுப் படத்தில் ஒன்பது துகள்கள் உருமாறிவிட்டன. மேல்பக்கம் தட்டையாகவும் கீழ்ப்பக்கம் வளைந்தும் குட்டிப் பிறைகள். இது ‘கால்சியப் பால்’. சின்னச் சின்ன நீர்க்கட்டிகளில் மிதக்கும் கால்சியம், டிகாஷன் டம்ளரில் மண்டி தங்குவதுபோல அடியில் தங்கியிருக்கிறது. டம்ளரை மேலிருந்து பார்த்தால் வட்டக் கலங்கல். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அடிமண்டி. முழுக்கத் தீங்கற்றது, பயாப்சி தேவையில்லை.

இங்கேதான் அனுபவமில்லாதவர் ‘பைராட்ஸ் 2’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார். மீதி ஐந்து? அவை எந்தப் படத்திலும் வடிவம் மாறவில்லை. அளவு ஒவ்வொன்றும் வேறு. மூன்று, காம்பை நோக்கி ஒரே கோட்டில். ஒன்று, கவட்டை போல் பிரிந்திருக்கிறது. ஒன்பது நல்லவை இருப்பது ஐந்துக்குச் சிபாரிசு ஆகாது. உள்ளதில் மோசமானது எதுவோ அதுவே தீர்ப்பை முடிவு செய்யும். பைராட்ஸ் 4சி.

அடுத்தது பயாப்சி. மேமோகிராம் வழிகாட்ட, உறிஞ்சும் ஊசியால் திசு எடுக்கிறார்கள். எடுத்த திசுவையே உடனே எக்ஸ்ரே எடுத்துக் கால்சியம் அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வராவிட்டால் ஊசி இடம் தவறியிருக்கிறது. அதன்பின் நுண்ணோக்கியில் நோய்க்குறியியல் மருத்துவர் ‘கால்சியம் காணோம்’ என்று சொன்னாலும் கோப்பை மூடக்கூடாது. கால்சியம் ஆக்சலேட் என்ற வகை வழக்கமான சாயத்தில் தெரியாது. துருவ ஒளியில்தான் மின்னும். அதுவும் இல்லையென்றால் மெழுகுக் கட்டியை எக்ஸ்ரே எடுத்து இன்னும் ஆழமாக வெட்டிப் பார்ப்பார்கள். நம் உதாரணப் பெண்ணுக்கு வந்த விடை, நாளத்துக்குள்ளேயே அடங்கிய, இன்னும் சுவரைத் தாண்டாத புற்று. கையில் தட்டுப்படும் கட்டி எதுவும் இல்லை.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மேமோகிராமில் துகள் தெரிகிறது, பெரிதாக்கிய படம் வேண்டும் என்று எழுதினால், பலரும் செலவையும் வலியையும் எண்ணி ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஸ்கேன் நார்மல்’ என்று வந்ததும் நிம்மதி. அடர்ந்த மார்பகத்தில் மறைந்த கட்டியைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்ட் கெட்டிக்காரன். இந்தத் தூள் கால்சியத்தைக் காட்டுவதில் நம்ப முடியாதவன். இரண்டு கருவிகளும் ஒன்றின் குறையை மற்றது நிரப்புபவை, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று அல்ல. உருப்பெருக்கிய படம் கேட்ட இடத்தில் அந்தப் படத்தையே எடுங்கள்.

பழைய படத்தையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கூட்டம் பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறதா, போன வருஷம் இல்லாமல் இப்போது முளைத்ததா என்பதைக் காகித ரிப்போர்ட் சொல்லாது. அடுத்த முறை போகும்போது பழைய சிடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பவுடரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.