வெற்று லேபிளுக்குள் ஒரு நிழல்

நேந்திரங்காய் சிப்ஸ் பை அச்சுக்குப் போகும் முன்பே, கடை அலமாரியில் அது எப்படி நிற்கும் என்று காட்ட உதவுவதுதான் மாக்கப். பையின் படம் முழுமையாக இருக்கும். லேபிள் வரும் இடம் மட்டும் வெற்றாக இருக்கும். டிசைனர் தன் வடிவமைப்பை அங்கே வைப்பார். அது ஒட்டிய லேபிளாகத் தெரிவதும் மிதக்கும் படமாகத் தெரிவதும் அந்த வெற்றிடத்தில் ஒளியும் நிழலும் எவ்வளவு பதிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

9 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு லேபிளை எடுத்துக்கொள்வோம். பையில் சிப்ஸை நிரப்பி, வயிறு புடைக்க நிறுத்தி, வெள்ளைத் தாளை லேபிளாக ஒட்டி, பக்கவாட்டில் மென்மையான விளக்கொளி தந்து படமெடுக்கிறோம். பலரும் சறுக்குவது இங்கேதான். லேபிள் பளிச்சென்று தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால், தாளின் மெல்லிய சுருக்கங்கள் வெள்ளையில் கரைந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது. ஆகவே தாள் வெளிர்சாம்பலாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, அதன் மிகப் பிரகாசமான பகுதியை ஃபோட்டோஷாப்பில் வெள்ளைக்கு உயர்த்துவதே சரி.

அந்தப் படத்தின் மேல், லேபிளின் அதே விகிதத்தில் ஒரு செவ்வகம் வரைய வேண்டும். 300 டிபிஐ கணக்கில் அது 1063 x 1417 பிக்சல். முதலில் Convert to Smart Object கொடுத்து, அதன் பிறகே Warp மூலம் பையின் வளைவுக்கு வளைக்க வேண்டும். வரிசை மாறினால் டிசைனர் உள்ளே திறக்கும் தாளே கோணலாக இருக்கும். அடுக்கின் கலப்பு முறையை Multiply ஆக்கினால், கீழே உள்ள வெள்ளை மறைந்து நிழல் மட்டும் வடிவமைப்பின் மேல் படியும்.

இருண்ட நிற லேபிளுக்கு இது போதாது. Multiply கருமையைத்தான் கூட்டும், பளபளப்பைத் தராது. எனக்குப் பிடித்த தீர்வு இரண்டாவது படம்தான். கேமராவையும் பையையும் விளக்கையும் அசைக்காமல், அதே அளவு பளபளப்புள்ள கறுப்புத் தாளை லேபிளின் மேல் ஒட்டி இன்னொரு படம் எடுப்பது. கறுப்பில் மினுமினுப்பு மட்டுமே பதியும். அதை லேபிள் அளவுக்கு வெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே Screen முறையில் வைத்தால் கறுப்பு மறைந்து ஒளி மட்டும் நிற்கும்.

கோப்பைக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள் போதும். கட்டம் போட்ட ஒரு படத்தை உள்ளே வைத்தால், கோடுகள் பையின் புடைப்போடு வளைய வேண்டும். நேராகவே ஓடினால் Warp சரியில்லை. அடுத்து முழுக் கறுப்பை வைக்க வேண்டும். பையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரிந்தால் பளபளப்பு அடுக்கு வேலை செய்யவில்லை.

வாடிக்கையாளரிடம் ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: திரையில் தெரியும் மஞ்சள், அச்சில் அப்படியே வராது. நிறத்தை முடிவு செய்ய, லேபிள் அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு மாதிரி அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.