பழைய ஜப்பானிய கேமில் எழுத்து குலைவதும் அதைச் சரிசெய்வதும்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் வெளிவந்த ஒரு கணினி கேமை இன்றைய விண்டோஸில் நிறுவினால், சாளரத்தின் தலைப்பிலும் மெனுவிலும் பல நேரம் ஜப்பானிய எழுத்து வராது. ƒ, ‚, • போன்ற குறிகள்தான் வரிசையாக வந்து நிற்கும். சிடி கெட்டுவிட்டதோ, இறக்குமதிப் பிரதியில் ஏதோ கோளாறோ என்று தோன்றும். உண்மையில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது. கேம் தன் எழுத்துகளைச் சரியாகவே அனுப்புகிறது. விண்டோஸ்தான் அவற்றை வேறோர் அட்டவணையை வைத்துப் படிக்கிறது. யூனிகோடு அறியாத நிரல்களுக்கு எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புக்கு சிஸ்டம் லோகேல் என்று பெயர். பெரும்பாலான கேம்களுக்கு அதை மாற்றுவதே தீர்வு.

தோஹோ கோமக்யோ என்ற கேமை எடுத்துக்கொண்டால் நடப்பது என்னவென்று தெளிவாகத் தெரியும். தனியொருவராகக் கேம்களை உருவாக்கும் ஸூன் என்பவர் 2002 ஆகஸ்டில் டோக்கியோவின் கோமிகெட் சந்தையில் வெளியிட்டது இது. அதன் ஜப்பானியப் பெயர் 東方紅魔郷 என்று ஐந்து எழுத்துகளில் அமையும். ஆங்கில அமைப்புள்ள கணினியில் அதே பெயர் இப்படித் தெரியும்:

```
“Œ•ûg–‚‹½
```

அக்காலத்து ஜப்பானிய விண்டோஸ் நிரல்கள் எழுத்துகளை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற முறையில் சேமித்தன. விண்டோஸில் இதற்கான அட்டவணையின் எண் 932; இப்படிப்பட்ட அட்டவணைகளைக் கோட்பேஜ் என்பார்கள். 932-இல் ஒரு கஞ்சி எழுத்துக்கு இரண்டு பைட் தேவை. பெயரின் முதல் எழுத்து 93 8C என்ற இரு பைட்டுகள், இரண்டாவது 95 FB. ஆங்கில விண்டோஸ் பயன்படுத்தும் 1252 கோட்பேஜில் ஒவ்வொரு பைட்டும் ஒரு முழு எழுத்து. அங்கே 93 என்பது “, 8C என்பது Œ, 95 என்பது •, FB என்பது û. இரண்டு கஞ்சி எழுத்துகள் நான்கு குறிகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஐந்து எழுத்துக்குப் பத்துக் குறிகள் வரவேண்டும்; ஆனால் மேலே ஒன்பதுதான் இருக்கின்றன. மூன்றாவது எழுத்தின் முதல் பைட்டான 8D-க்கு 1252-இல் எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை, அதனால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

யூனிகோடு 1990-களிலேயே வந்துவிட்டதே, அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே என்று கேட்கலாம். அன்று வீடுகளில் ஓடியது பெரும்பாலும் விண்டோஸ் 98. அதில் யூனிகோடு செயற்கூறுகள் முழுமையாக இல்லை. எக்ஸ்பியிலும் 98-இலும் ஒரே நிரல் ஓடவேண்டும் என்றால் பழைய வகைச் செயற்கூறுகளையே அழைக்கவேண்டியிருந்தது. வாங்குபவர் கணினி ஜப்பானிய விண்டோஸாகவே இருக்கும் என்று உருவாக்கியவர் எண்ணியதும் நியாயமே. இன்றைய விண்டோஸ் உள்ளுக்குள் முழுவதும் யூனிகோடில் இயங்குகிறது; பழைய நிரல் தரும் ஒவ்வொரு சரத்தையும் சிஸ்டம் லோகேலின் கோட்பேஜ் வழியே யூனிகோடாக மாற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் பிழை நுழைகிறது.

அமைப்பை மாற்றுவதற்கு முன், திரையில் தெரிவது இந்த வகைக் குலைவுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய ஹிராகானா எழுத்துகள் பெரும்பாலும் 82 என்ற பைட்டிலும் கதகானா எழுத்துகள் 83 என்ற பைட்டிலும் தொடங்கும். 1252-இல் அவை முறையே ‚ என்றும் ƒ என்றும் தெரியும். ஆகவே ஒன்று விட்டு ஒன்றாக இந்த இரு குறிகளும் திரும்பத் திரும்ப வந்தால் அது ஷிஃப்ட்-ஜிஸ்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கேமில் சேமிப்பு என்பதற்குக் கதகானாவில் எழுதும் セーブ என்ற சொல் ƒZ[ƒu என்று தெரிவது இதற்கு நல்ல அடையாளம். வெற்றுக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் காரணம் வேறு: எழுத்து சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை. விண்டோஸ் 10-இலும் 11-இலும் எம்.எஸ். கோதிக் எழுத்துரு கூடவே வரும், எம்.எஸ். மின்சோ வேண்டுமென்றால் Optional features பகுதியில் Japanese Supplemental Fonts என்பதைச் சேர்க்கவேண்டும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், மாற்றும்போதே எழுத்து தொலைந்துவிட்டது என்று பொருள்.

தமிழ் வாசகர்களுக்கு இதே போன்ற இன்னொரு காட்சி பழக்கம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஆவணத்தில் தமிழ் என்ற சொல் jkpo; என்று தெரியும். அதற்கு இந்த மருந்து பலிக்காது. பாமினி ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு, கோட்பேஜ் அன்று. தமிழுக்கென்று இவ்வகை விண்டோஸ் கோட்பேஜ் இருந்ததும் இல்லை.

இனி மாற்றும் முறை. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சிட வேண்டும்:

```
intl.cpl
```

Region என்ற சாளரம் திறக்கும். அதில் Administrative என்ற தாவலின் கீழ்ப்பகுதியில் Language for non-Unicode programs என்ற தலைப்பும், Change system locale என்ற பொத்தானும் இருக்கும். பொத்தானை அழுத்தி, பட்டியலில் Japanese (Japan) என்பதைத் தேர்ந்தெடுத்து OK கொடுத்தால் மறுதுவக்கம் கேட்கும். கோட்பேஜ் கணினி துவங்கும்போதுதான் ஏற்றப்படுகிறது என்பதால் மறுதுவக்கத்தைத் தவிர்க்க வழியில்லை. இந்த மாற்றத்தால் விண்டோஸின் மெனுக்கள் ஜப்பானிய மொழிக்கு மாறிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். திரைமொழி தனி அமைப்பு. தேதி, நாணய வடிவங்களும் தனி. முதல் தாவலில் உள்ள Format என்பதை மட்டும் ஜப்பானுக்கு மாற்றிவிட்டு, எழுத்து சரியாகவில்லையே என்று குழம்புகிறவர்கள் பலர். அது தேதி எழுதும் முறையைத்தான் மாற்றும்.

லோகேலைத் தேர்ந்தெடுக்கும் அதே சிறு பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. Beta: Use Unicode UTF-8 for worldwide language support என்ற தேர்வுக்கட்டம் 2018 முதல் அங்கே காணப்படுகிறது. யூனிகோடு என்ற சொல்லைக் கண்டதும் அதையும் டிக் செய்யத் தோன்றும். செய்தால், மேலே எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கோட்பேஜ் 65001 ஆகிவிடும். அது யூடிஎஃப்-8-க்கான எண். பழைய கேம் அனுப்பும் ஷிஃப்ட்-ஜிஸ் பைட்டுகள் யூடிஎஃப்-8 விதிகளுக்குப் பொருந்தாதவை. குலைவு தீராது, வேறு வடிவத்தில் தொடரும். ஜப்பானைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் கட்டத்தைத்தான்.

மாற்றம் பதிந்ததா என்று அறிய, கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும்:

```
chcp
```

விடை 932 என்று வரவேண்டும். ஆங்கில அமைப்பில் பொதுவாக 437 அல்லது 850 வரும். 65001 என்று வந்தால் மேற்சொன்ன கட்டம் டிக் ஆகியிருக்கிறது.

932 வந்தும் கேம் ஓடாமல் போகலாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள், ஆனால் காரணம் எளிது. கோமக்யோவின் தரவுக் கோப்புகளின் பெயர்களும் 紅魔郷ST.dat என்பதுபோல் கஞ்சி எழுத்தில் உள்ளவை. லோகேலை மாற்றுவதற்கு முன்பே கேமை நிறுவியிருந்தால், இன்ஸ்டாலர் பழைய வகையாக இருக்கும் பட்சத்தில், அந்தப் பெயர்கள் குலைந்த வடிவத்திலேயே வட்டில் பதிந்திருக்கும். இப்போது கேம் சரியான ஜப்பானியப் பெயரைத் தேடுகிறது. வட்டில் இருப்பதோ g–‚‹½ST.dat. பெயர் பொருந்தாததால் கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. நேர்மாறாகவும் நடக்கும்: கோப்புப் பெயர் சரியாக இருந்து லோகேல் ஆங்கிலத்தில் இருந்தால், கேம் தேடுவது குலைந்த பெயரை. ஆகவே வரிசை முக்கியம். முதலில் லோகேலை மாற்றி, மறுதுவக்கி, அதன்பிறகே நிறுவவேண்டும். ஏற்கெனவே நிறுவியிருந்தால் நீக்கிவிட்டு மறுபடி நிறுவவேண்டும். பழைய ஜிப் கோப்புகளுக்கும் இதுவே பொருந்தும். உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் எந்தக் கோட்பேஜில் எழுதப்பட்டவை என்பது அவற்றில் குறிக்கப்படுவதில்லை. பிரிக்கும் கணினி தன் அமைப்பை வைத்து ஊகிக்கிறது.

நிறுவும் இடத்திலும் கவனம் தேவை. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களின் ஃபோல்டர் பாதையில் தமிழ் எழுத்து இருக்கும். 932 அட்டவணையில் தமிழ் இல்லை. பழைய நிரலுக்கு அந்தப் பாதை கேள்விக்குறிகளாகவே போய்ச்சேரும். `C:\Games` போன்ற வெற்று ஆங்கிலப் பாதையில் நிறுவினால் இந்தச் சிக்கல் எழாது.

சில கேம்களில் தலைப்பு மட்டும் குலைந்து, உரையாடல் சரியாக வருவதுண்டு. எழுத்துருவைக் கேட்கும்போதே ஜப்பானிய எழுத்துத்தொகுதி வேண்டும் என்று நிரல் குறிப்பிட்டிருந்தால், வரையும் எழுத்துகளை விண்டோஸ் அதன்படி படிக்கிறது. தலைப்புக்கும் கோப்புப் பெயருக்கும் அந்தச் சலுகை இல்லை. படமாகவே வரைந்து வைத்த மெனுக்கள் எந்த அமைப்பிலும் குலையா. தொடக்கத் திரை நன்றாக இருக்கிறதே என்று அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

லோகேல் மாற்றம் கணினி முழுவதற்கும், அதன் எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தும். ஜப்பானியக் கோட்பேஜில் பின்சாய்வுக் கோடு இருந்த இடத்தில் யென் குறி வரையப்படுவது மரபு என்பதால், கமாண்ட் ப்ராம்ப்டில் பாதைகள் `C:¥Games` என்று தெரியலாம். தோற்றம்தான் மாறுகிறது, பாதை அதேதான். யூனிகோடு அறியாத பிற நிரல்களில் é, ü போன்ற ஐரோப்பிய எழுத்துகள் இப்போது குலையும். பழைய கணக்கு மென்பொருள் ஏதேனும் அதே கணினியில் ஓடினால் இதை மறக்கக்கூடாது.

ஒரே ஒரு கேமுக்காகக் கணினி முழுவதையும் மாற்ற விரும்பாதவர்கள் லோகேல் எமுலேட்டர் என்ற இலவச நிரலைப் பயன்படுத்துகிறார்கள். கேமின் exe கோப்பை வலச்சொடுக்கி ஜப்பானிய அமைப்பில் இயக்கும்படி தேர்ந்தெடுத்தால், அந்த நிரலுக்கு மட்டும் கோட்பேஜ் 932 என்று காட்டப்படும், மறுதுவக்கம் தேவையில்லை. இன்ஸ்டாலரையும் அதன் வழியாகவே இயக்கவேண்டும், இல்லையென்றால் கோப்புப் பெயர்ச் சிக்கல் அப்படியே இருக்கும். இது 32-பிட் நிரல்களுக்கானது; அக்காலத்து கேம்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வகைதான். கேமின் நகல்தடுப்பு ஏற்பாடு இதனோடு மோதி, கேம் திறந்தவுடன் மூடிக்கொண்டால், சிஸ்டம் லோகேலையே மாற்றவேண்டியிருக்கும். விளையாடி முடித்தபின் அதே பெட்டிக்குப் போய், முன்பிருந்த லோகேலைத் தேர்ந்தெடுத்து மறுதுவக்கினால் கணினி பழைய நிலைக்குத் திரும்பும். நிறுவிய கோப்புகளின் பெயர்கள் யூனிகோடில் பதிந்திருப்பதால் அவை மாறாமல் அப்படியே இருக்கும்.