‘வுட்’ எங்கே செல்லாது?

‘சின்ன வயசுல தினமும் ஆத்துல குளிப்போம்’ என்கிறோம். எப்போதோ முடிந்துபோன பழக்கம், ஆனால் ‘குளிப்போம்’ என்பது எதிர்கால வடிவம். ஆங்கிலத்தில் ‘வில்’லின் இறந்தகால வடிவமான ‘வுட்’டுக்கும் இந்த வேலை உண்டு: ‘எவ்ரி ஈவினிங் வி வுட் பேத் இன் த ரிவர்’. அதனால்தான் பழைய நினைவுகளைச் சொல்லும்போது ‘வுட்’ நம் வாயில் இயல்பாக வந்துவிடுகிறது. சில நேரம் வரக் கூடாத இடத்திலும் வருகிறது.

தமிழில் ‘அப்பல்லாம் வீட்டு வாசல்ல ஒரு வேப்பமரம் இருக்கும்’ என்றும், ‘எனக்குக் கடலைமிட்டாய் ரொம்பப் பிடிக்கும்’ என்றும் அதே வடிவில் சொல்லலாம். குளிப்பது செயல், மரம் இருந்ததும் மிட்டாய் பிடித்திருந்ததும் நிலை. தமிழ் இரண்டையும் ஒன்றாக நடத்துகிறது, ஆங்கிலம் பிரிக்கிறது. பழைய நிலையைச் சொல்ல ‘வுட்’ செல்லாது, ‘யூஸ்டு டு’தான் வேண்டும்: ‘தேர் யூஸ்டு டு பி எ நீம் ட்ரீ’, ‘ஐ யூஸ்டு டு லைக் பீனட் கேண்டி’. இரண்டாவதில் ‘ஐ வுட் லைக்’ என்றால், இப்போது மிட்டாய் வேண்டும் என்று கேட்பதாகிவிடும்.

செயலா, நிலையா என்று குழம்பினால் ‘எத்தனை தடவை?’ என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை தடவை குளித்தீர்கள் என்று கேட்கலாம். வாசலில் மரம் எத்தனை தடவை இருந்தது என்று கேட்க முடியாது. வசிப்பது, தெரிந்திருப்பது, சொந்தமாக வைத்திருப்பது எல்லாம் இந்தக் கேள்விக்கு நிற்காதவை. ‘பி’ என்ற வினையைக் கண்டாலே ஒதுக்கவும் வேண்டாம். ‘எவ்ரி ஈவினிங் ஹி வுட் பி அட் த கேட்’ சரியான வாக்கியம்; மாலைதோறும் அவர் வாசலில் நின்றதை எண்ண முடியும்.

செயலாக இருந்தாலும் ‘வுட்’டுக்குக் காலம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று ‘ஐ வுட் கோ பை பஸ்’ என்றால், கேட்பவர் ‘இஃப்’ எங்கே என்று காத்திருப்பார். அதனால் நல்ல ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ கதவைத் திறந்துவிட, ‘வுட்’ பின்னால் வரும்: ‘மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு ஹேவ் எ டீ ஷாப். ஹி வுட் ஓப்பன் இட் அட் ஃபைவ், அண்ட் லாரி டிரைவர்ஸ் வுட் ஸ்டாப் தேர்.’ கடை வைத்திருந்தது நிலை, அங்கே ‘வுட்’ வராது. அந்தக் காலம் மனதில் பதிந்த பிறகு, திறந்ததும் லாரிகள் நின்றதும் ‘வுட்’டில் அழகாக ஓடுகின்றன. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யூஸ்டு டு’ போட்டால் தவறில்லை, கேட்கத்தான் அலுப்பு.

எதிர்மறையில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹி வுடன்ட் ஈட் ஃபிஷ்’ என்றால் மீனைத் தொட மறுத்தார் என்ற பிடிவாதம் தொனிக்கும். சாப்பிடும் பழக்கம் இருக்கவில்லை என்று மட்டும் சொல்ல ‘ஹி டிடன்ட் யூஸ் டு ஈட் ஃபிஷ்’ போதும். ‘டிட்’ வந்துவிட்டதால் எழுதும்போது ‘யூஸ்டு’ கடைசி எழுத்தை இழந்து ‘யூஸ்’ ஆகிவிடும்.

எண்ணிக்கையோ கால அளவோ சொன்னால் இரண்டுமே வேண்டாம். ஐந்து வருடம் மதுரையில் இருந்தேன் என்பதற்கு ‘ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்ற சாதாரண இறந்தகாலமே சரி. மற்றபடி பழைய பழக்கத்தைச் சொல்லும்போது சந்தேகம் வந்தால் ‘யூஸ்டு டு’வையே எடுங்கள். அது செயலுக்கும் பொருந்தும், நிலைக்கும் பொருந்தும்.